இன்னும் சூடாகாத குடுவை

சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில், முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு மாணவி என் மேசையில் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். மேலே ‘இடர் மதிப்பீடு’ என்ற தலைப்பு. கீழே அழகாகக் கோடு போட்ட அட்டவணை. ஈதர், எளிதில் தீப்பற்றும். புரோமோபென்சீன், தோலில் பட்டால் எரிச்சல். மக்னீசியம், தீப்பற்றும் உலோகம். எதிர்ப்பக்கத்தில் எல்லா வரிக்கும் ஒரே பதில்: கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, வெள்ளைக் கோட்டு. அடியில் நான் கையெழுத்துப் போட ஓர் இடம்.

அதில் எழுதியிருந்த எதுவும் தவறில்லை. ரசாயனப் பாட்டில்களோடு வரும் பாதுகாப்புத் தாளில் இருப்பதைத்தான் ஒழுங்காக எடுத்து எழுதியிருந்தார். ஆனால் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையைச் செய்ய நான் அனுமதித்திருக்க மாட்டேன். அவர் செய்யவிருந்தது கிரிக்னார்டு வினை. தானாகவே சூட்டை வெளிவிடும் வினை அது. அந்தச் சூட்டைப் பற்றி இரண்டு தாளிலும் ஒரு வார்த்தை இல்லை.

“எவ்வளவு சூடு வரும்னு கணக்குப் போட்டியாம்மா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் சூடாகும்னு புத்தகத்துல இருக்கு சார்.”

“எப்ப வரும்?”

“மக்னீசியத்துல புரோமோபென்சீனை விட்டதும்.”

“விட்டும் வரலைன்னா?”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் விடணும் சார்” என்றார்.

கிரிக்னார்டு வினையில் மிக ஆபத்தான செயல் எது என்று யாராவது கேட்டால், அந்தக் கடைசிப் பதிலைத்தான் காட்டுவேன். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

பிரெஞ்சு வேதியியலாளர் விக்டர் கிரிக்னார்டு இந்த வினைக்காக 1912இல் நோபல் பரிசு பெற்றார். மக்னீசியச் சீவல்களை ஈரமே இல்லாத ஈதரில் போட்டு, அதில் புரோமோபென்சீன் போன்ற ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், உலோகம் மெல்லக் கரைந்து புதிய சேர்மம் ஒன்று உருவாகும். கரி அணுவோடு கரி அணுவை இணைக்க இன்றும் பயன்படும் கருவி அது. மருந்து ஆலைகளில் டன் கணக்கிலும் கல்லூரி ஆய்வகங்களில் கிராம் கணக்கிலும் இதைச் செய்கிறார்கள். பல மாணவர்கள் தம் வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்திக்கும் ‘சூடேறும் வினை’ இதுதான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மக்னீசியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் மூடியிருக்கும். அந்தப் படலம் எங்காவது கிழிந்து உலோகம் வெளியே தெரியும்வரை வினை நடக்காது. குடுவையில் துளி ஈரம் இருந்தாலும் தாமதமாகும். சில நேரம் இரண்டு நிமிடத்தில் தொடங்கும், சில நேரம் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது. இதைத் தூண்டல் காலம் என்போம். தொடங்கிவிட்டாலோ, வெளிவரும் சூடே மிச்ச உலோகத்தையும் சுறுசுறுப்பாக்கிவிடும்.

இப்போது மாணவியின் பதிலை நினைத்துப் பாருங்கள். வினை தொடங்கவில்லை என்று அவர் இன்னும் கொஞ்சம் விடுகிறார். அப்போதும் இல்லை, இன்னும் கொஞ்சம். குடுவையில் புரோமோபென்சீன் சேர்ந்துகொண்டே போகிறது. குடுவை குளிர்ச்சியாக, சாதுவாக இருக்கிறது. பிறகு ஏதோ ஒரு கணத்தில் படலம் கிழிகிறது. அதுவரை சேர்ந்த அத்தனையும் ஒரே மூச்சில் வினைபுரிகிறது.

இதற்குக் கணக்கு உண்டு. இடர் மதிப்பீட்டில் முதலில் எழுத வேண்டியதும் அந்தக் கணக்குதான். அதை அந்த மாணவியோடு உட்கார்ந்து ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் போட்டேன்.

அவர் திட்டமிட்ட அளவு 0.1 மோல். அதாவது புரோமோபென்சீன் 15.7 கிராம், மக்னீசியம் இரண்டரை கிராமுக்குச் சற்று மேல், ஈதர் 100 மில்லி. இவ்வகை வினைகள் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 300 கிலோ ஜூல் வெப்பத்தை வெளிவிடும் என்று எடுத்துக்கொண்டால், அவருடைய குடுவையில் வரப்போவது 30 கிலோ ஜூல். கேட்கச் சின்ன எண். ஆனால் 100 மில்லி ஈதரின் எடை 71 கிராம்தான். ஒரு கிராம் ஈதரை ஆவியாக்க ஒரு கிலோ ஜூலில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம் போதும். நம் ஊர் அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற ஒரு கிலோ ஜூல் போனாலும், மிச்சமிருக்கும் சூட்டால் 80 கிராம் ஈதரை ஆவியாக்க முடியும். குடுவையில் இருப்பதோ 71 கிராம். சூடு முழுவதும் ஒரே நேரத்தில் வந்தால், குடுவையில் உள்ள ஈதர் மொத்தமும் ஆவியாகி வெளியே வந்த பிறகும் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும்.

அந்த ஆவி கிட்டத்தட்ட 24 லிட்டர். ஈதர் ஆவி காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். 24 லிட்டர் ஆவி ஆயிரத்து இருநூறு லிட்டருக்கும் மேலான காற்றை எரியும் கலவையாக மாற்றும். ஆய்வகத்தில் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவு போட்ட கூண்டை ஃபியூம் ஹூட் என்கிறோம். அதன் உள்வெளி முழுவதும் சேர்த்தாலே ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். ஈதர் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. அது மேலே போகாமல் மேசையோடு வழிந்து, பக்கத்து மேசையில் யாரோ போட்டு வைத்திருக்கும் ஹாட் பிளேட்டைத் தேடிப் போகும். தீப்பொறிகூட வேண்டாம். நன்றாகச் சூடேறிய தட்டின் வெறும் பரப்பே ஈதரைப் பற்றவைக்கும்.

மாணவி பேனாவை வைத்துவிட்டார். “இவ்வளவு சூட்டை வச்சுக்கிட்டு எல்லாரும் எப்படி சார் பண்றாங்க?” என்றார்.

அதே 30 கிலோ ஜூலை 45 நிமிடத்துக்குப் பரப்பினால் பத்து வாட் அளவுக்குத்தான் வரும். இரவு விளக்கு ஒன்றின் சூடு. நிமிடத்துக்கு இரண்டு கிராமுக்கும் குறைவான ஈதர் ஆவியாகி மேலே போகும், கண்டென்சரில் குளிர்ந்து திரும்பச் சொட்டும். அதே சூடு ஒரே நிமிடத்தில் வந்தால் 500 வாட். துணி தேய்க்கும் பெட்டியைக் குடுவைக்குள் வைத்தது மாதிரி. சூட்டின் மொத்த அளவு மாறவில்லை. வரும் வேகம் மட்டுமே மாறுகிறது. அந்த வேகத்தை நிர்ணயிப்பது புரோமோபென்சீன் சொட்டும் புனலின் குழாய். அதை மூடினால் சூடு நிற்க வேண்டும். அதுதான் நம் பிரேக்.

ஆனால் அந்த பிரேக் எப்போது பிடிக்கும்? விழும் ஒவ்வொரு சொட்டும் உடனுக்குடன் வினைபுரிந்து தீரும்போது மட்டும். வினை தொடங்காத குடுவையில், விட்டதெல்லாம் ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது. அதன்பின் குழாயை மூடி என்ன பயன்? ஆகவே நல்ல இடர் மதிப்பீடு ஒன்று இந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான் எழுதப்பட வேண்டும்: குழாயை மூடினால் சூடு நிற்கும் என்ற நிலைமை தொடக்கம் முதல் கடைசிவரை இருக்கிறதா?

அந்தக் கேள்வியோடு தாளைத் திரும்ப எழுதத் தொடங்கினோம்.

முதல் மாற்றம் அளவில். முதல்முறை செய்பவருக்கு 0.1 மோல் எதற்கு? 0.02 மோலாகக் குறைத்தோம். மக்னீசியம் அரை கிராமுக்குச் சற்று மேல், புரோமோபென்சீன் 3.1 கிராம், கரைப்பான் 20 மில்லி. மொத்தச் சூடு 6 கிலோ ஜூல். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைத்தால், கட்டுமீறிப் போகும் குடுவை எட்டும் வெப்பநிலை குறையாது. குறைவது வெளியே வரும் ஆவியின் அளவும் அதனால் விளையும் சேதமும்தான். ஐந்து லிட்டர் ஆவியை ஓடிக்கொண்டிருக்கும் ஃபியூம் ஹூட் சமாளித்துவிடும்.

இரண்டாவது மாற்றம் கரைப்பானில். இது நம் ஊருக்கே உரிய சங்கதி. ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும். புத்தகம் எழுதியவர்களின் ஆய்வகம் 20 டிகிரியில் இருக்கிறது. எங்கள் ஆய்வகம் ஏப்ரல் பிற்பகலில் 34 டிகிரி. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கண்டென்சருக்கு வரும் தண்ணீரைக் கையால் தொட்டால் வெதுவெதுவென்று இருக்கும். அந்தத் தண்ணீரால் ஈதர் ஆவியைக் குளிரவைக்க முடியாது. கண்டென்சர் பொருத்தியிருக்கிறோம் என்று தாளில் எழுதலாம். உண்மையில் அது அங்கே வெறும் கண்ணாடிக் குழாய்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஈதர் தானாகக் கொதிக்கத் தொடங்கினால் வினை தொடங்கிவிட்டது என்று பொருள்’ என்று கையேடுகள் சொல்லும். 34 டிகிரி அறையில் கொதிப்பது வினையாலா, வெயிலாலா என்று எப்படிச் சொல்வது? நாம் நம்பியிருக்கும் ஒரே அடையாளமும் கோடையில் கெட்டுப் போகிறது. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் இடர் மதிப்பீட்டை அப்படியே இறக்கி, பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்தத் தாள் எழுதப்பட்ட ஊரின் தண்ணீர் நம் குழாயில் வருவதில்லை.

ஆகவே ஈதருக்குப் பதில் டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான். ஆய்வகத்தில் டி.எச்.எஃப். என்பார்கள். அது 66 டிகிரியில்தான் கொதிக்கும். அறை வெப்பத்துக்கும் கொதிநிலைக்கும் நடுவே முப்பது டிகிரிக்கு மேல் இடைவெளி இருப்பதால், வினை தொடங்கினால் வெப்பமானி துள்ளி ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பழைய கணக்கை இதற்கும் போட்டுப் பார்த்தோம். 0.1 மோல் அளவில் எல்லாச் சூடும் ஒரே நேரத்தில் வந்தால், 89 கிராம் கரைப்பானில் 57 கிராம் ஆவியாகும். ஈதரைவிட நல்லது, ஆனால் ஆபத்து போய்விடவில்லை. டி.எச்.எஃப்.பும் எளிதில் தீப்பற்றும். இரண்டுமே திறந்து நாளானால் பெராக்சைடு என்ற வெடிக்கும் மாசை உண்டாக்கும். எனவே பாட்டிலைத் திறந்த தேதி தாளில் எழுதப்பட வேண்டும், பெராக்சைடு சோதனை செய்த பின்பே பயன்படுத்த வேண்டும். ஈரம் நீக்கச் சோடியம் போட்டுக் காய்ச்சும் பழைய முறையை இந்தச் சோதனைக்கு வேண்டாம் என்று எழுதினோம். ஈரமற்றதாகவே விற்கப்படும் சிறு பாட்டில் போதும்.

கண்டென்சருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியில் பனிக்கட்டித் தண்ணீர். ஏர் கூலரில் இருக்கும் சின்ன நீர் பம்ப் அதைச் சுற்றவிடும். பல ஆய்வகங்களில் கோடையில் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் பம்ப் வந்ததும் புதிய கேள்வி வருகிறது. மின்சாரம் போனால்?

குளிர்விப்பு ஒரே வழியை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் நடந்தது சாட்சி. அங்கே டி2 லேபரட்டரீஸ் என்ற ஆலையில் 2007 டிசம்பர் 19 அன்று, சோடியம் உலோகத்தைக் கொண்டு நடத்திய ஒரு சூடேறும் வினை குளிர்விப்பு நின்றதால் கட்டுமீறி வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். குளிர்விக்க வந்த தண்ணீருக்கு மாற்று வழி இருக்கவில்லை. அதற்கு முன் செய்த தொகுதிகளிலும் எதிர்பாராத சூடேற்றம் வந்திருக்கிறது. அதன் காரணம் முழுதாகத் துருவி ஆராயப்படவில்லை.

எங்கள் தாளில் மின்வெட்டுக்கு ஒரு தனி வரி எழுதினோம். மின்சாரம் போனால் மூன்று நிற்கும்: ஃபியூம் ஹூட்டின் விசிறி, பம்ப், குடுவைக்குள் சுழலும் காந்தக் கலக்கி. கலக்கி நிற்பதுதான் மூன்றிலும் மோசம். விழும் சொட்டு கலக்காமல் மேலேயே தங்கும், மின்சாரம் வந்து கலக்கி சுழன்றதும் எல்லாம் ஒன்றாக வினைபுரியும். எனவே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: புனலின் குழாயை மூடு, கதவை இறக்கு, விலகி நில். மின்சாரம் வந்தாலும் வழிகாட்டியைக் கேட்காமல் கலக்கியைப் போடாதே.

அடுத்து வந்தது நான் மிகவும் வற்புறுத்திய பகுதி, தொடக்கம். புரோமோபென்சீனை 14 மில்லி கரைப்பானில் கலந்து புனலில் வைக்க வேண்டும். மீதி ஆறு மில்லியும் மக்னீசியமும், ஒரு சிறு துண்டு அயோடினும் குடுவையில் இருக்கும். அயோடின் ஆக்சைடு படலத்தைக் கீறிவிடும், திரவத்துக்குப் பழுப்பு நிறமும் தரும். புனலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கை மட்டும், அதாவது ஒன்றரை மில்லியை விட்டுவிட்டு, குழாயை மூடிவிட வேண்டும். அந்தப் பத்தில் ஒரு பங்கு மொத்தமாக ஒரே கணத்தில் வினைபுரிந்தாலும் வரும் சூடு 0.6 கிலோ ஜூல்தான். கண்டென்சர் அதைத் தாங்கும்.

பிறகு காத்திருக்க வேண்டும். என்ன தெரிந்தால் வினை தொடங்கியது என்று கொள்வது? பழுப்பு நிறம் மறைய வேண்டும். மக்னீசியத்தின் மேல் நுண்குமிழிகள் வர வேண்டும், திரவம் லேசாகக் கலங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியிலிருந்து எந்தச் சூடும் கொடுக்காத நிலையில் வெப்பமானி குறைந்தது பத்து டிகிரி தானாக ஏற வேண்டும். நிறம் மட்டும் மறைவதை நம்பக் கூடாது. அயோடின் மக்னீசியத்தோடு சேர்ந்தாலே நிறம் போய்விடும், புரோமோபென்சீன் அப்படியே கிடக்கலாம். பலர் ஏமாறுவது இங்கேதான். கெட்டிலில் காய்ச்சிய வெந்நீரைக் கிண்ணத்தில் வைத்துக் குடுவையை இளஞ்சூடாக்கலாம். ஆனால் கிண்ணத்தை எடுத்த பிறகும் வெப்பநிலை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்ததும் இறங்கினால் அது வெந்நீரின் சூடு.

இனி, விட்டும் வரவில்லை என்றால்? முதல் தாளில் இல்லாத அந்த வரியை மாணவியே எழுதினார். அவர் எழுதியது இது:

“15 நிமிடத்தில் வெப்பநிலை தானாக 10 டிகிரி ஏறாவிட்டால், இன்னொரு சிறு துண்டு அயோடின் சேர்த்து ஒரு முறை மட்டும் இளஞ்சூடு கொடுப்பேன். மேலும் 15 நிமிடம் பார்ப்பேன். அப்போதும் தொடங்காவிட்டால் புரோமோபென்சீன் ஒரு சொட்டும் கூடுதலாக விடமாட்டேன். சோதனையை நிறுத்தி வழிகாட்டியை அழைப்பேன்.”

நிறுத்திய குடுவையை என்ன செய்வது என்பதையும் கீழே சேர்த்தோம். அதை மூலையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. யாரும் இல்லாத நேரத்தில் அது தொடங்கலாம். தொட்டியில் ஊற்றவும் கூடாது. பனிக்கட்டித் தொட்டியில் குளிரவைத்து, திரவத்தை மக்னீசியத்திலிருந்து வேறு குடுவைக்கு வடித்துவிட்டால், வினைக்கு வேண்டிய இரண்டு பொருள்களும் பிரிந்துவிடும். பிறகு இரண்டையும் தனித்தனியாக, வழிகாட்டி பக்கத்தில் இருக்கும்போது செயலிழக்கச் செய்யலாம்.

பனிக்கட்டித் தொட்டி பற்றி ஒரு வார்த்தை. குடுவை சூடேறினால் குளிரவைக்க அது கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் பயத்தில் தொடக்கத்திலிருந்தே குடுவையைப் பனிக்கட்டியில் வைத்துவிடும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் அப்படித்தான் நடந்தது. வினை தொடங்கியிருந்தது, கொதிப்பு கொஞ்சம் வேகமாக இருந்தது. பையன் தொட்டியைத் தூக்கி வைத்தான். கொதிப்பு அடங்கியது. அடங்கிவிட்டது என்ற நிம்மதியில் புனலைத் திறந்தே விட்டுவிட்டான். உள்ளே வினை உறங்கிப் போக, புரோமோபென்சீன் சொட்டிக்கொண்டே இருந்தது. பனிக்கட்டி உருகித் தொட்டி வெதுவெதுப்பானபோது குடுவை விழித்துக்கொண்டது. கண்டென்சரின் உச்சியிலிருந்து கரைப்பான் மேற்கூரைவரை பீய்ச்சியடித்தது. பக்கத்தில் நெருப்பு இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அளவுக்கு மீறிக் குளிரவைத்தால், தொடங்கிய வினையும் தொடங்காத வினையாகிவிடும். எனவே தாளில், ‘குளிரவைக்கும்போதெல்லாம் புனல் மூடியிருக்க வேண்டும், வெப்பநிலை 30 டிகிரிக்குக் கீழே போனால் சொட்டுவிடக் கூடாது’ என்று எழுதினோம்.

தீ பற்றிய வரியிலும் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. ‘தீயணைப்பான் உள்ளது’ என்று எழுதியிருந்தார். சுவரில் தொங்குவது கார்பன் டை ஆக்சைடு வகை. கரைப்பான் மட்டும் எரிந்தால் அது அணைக்கும். மக்னீசியம் எரியத் தொடங்கினால் அது கார்பன் டை ஆக்சைடிலும் எரியும், தண்ணீர் பட்டால் இன்னும் மூர்க்கமாக எரியும். அதற்கு உலர்ந்த மணல்தான் வேண்டும். ஆய்வகத்தின் மணல் வாளியைப் போய்ப் பார்த்தோம். ஏர் கண்டிஷனர் தண்ணீர் சொட்டி மணல் ஈரமாக இருந்தது. எரியும் மக்னீசியத்தின் மேல் ஈர மணலைக் கொட்டுவது தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். புதிய மணல் வாங்கி, வெயிலில் காயவைத்து, மூடிபோட்ட டப்பாவில் வைத்தோம். மேசையில் உட்கார்ந்து எழுதிய தாள் அந்த ஈரத்தைக் கண்டுபிடித்திருக்காது. இடர் மதிப்பீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

கையுறையும் கண்ணாடியும் கோட்டும் தாளின் கடைசி வரிக்குப் போயின. அவை வேண்டாம் என்பதற்காக இல்லை. முன்னால் உள்ள எல்லாம் தவறிய பிறகு உடம்புக்கும் தீக்கும் நடுவே மிஞ்சுவது அவைதான். பருத்திக் கோட்டாக இருக்க வேண்டும். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும், தலைமுடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். நைலான் துணி எரிந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் வாயால் சொன்னால் போதாதா, ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 2010 ஜனவரி 7 அன்று நடந்ததை அவர்களுக்குச் சொல்வேன். ஓர் ஆய்வு மாணவர் நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட் என்ற வெடிக்கும் சேர்மத்தைக் கையாண்டுகொண்டிருந்தார். ஒரு நேரத்தில் 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக் கூடாது என்ற வரம்பு அந்த ஆய்வுக் குழுவில் இருந்தது. அது வாய்வழி வரம்பு. மாணவர்கள் 10 கிராம் செய்திருந்தார்கள், நூறு மடங்கு. அது வெடித்ததில் அந்த மாணவர் மூன்று விரல்களை இழந்தார், கண்ணிலும் காயம். அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது வெளிவந்த குறைகளில் ஒன்று, அந்த வரம்பு முறையாக எழுதிவைக்கப்படவில்லை என்பது. வாயால் சொன்ன எண் ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்குப் போவதற்குள் காணாமல் போய்விடுகிறது.

எங்கள் தாள் மூன்றாவது முறை எழுதியபின் நான்கு பக்கம் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஆய்வகம் 29 டிகிரியில் இருந்தபோது சோதனை தொடங்கியது. பக்கத்தில் மூத்த மாணவர் ஒருவர், அறையில் வேறு யாருடைய ஹாட் பிளேட்டும் ஓடவில்லை. முதல் ஒன்றரை மில்லி விட்டுக் குழாய் மூடப்பட்டது. ஒன்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்பது நிமிடமும் மாணவியின் கை குழாயை நோக்கிப் போவதும் திரும்புவதுமாக இருந்ததைப் பார்த்தேன். பத்தாவது நிமிடம் பழுப்பு மறைந்தது. அடுத்த மூன்று நிமிடத்தில் வெப்பமானி 29இலிருந்து 44க்கு ஏறியது. அதன்பின் முக்கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக மீதி இறங்கியது. நடுவில் இரண்டு முறை குழாயை மூடிப் பார்த்தார். இரண்டு முறையும் வெப்பநிலை இறங்கியது. பிரேக் பிடித்தது.

மாலையில் அவர் அளவெடுத்த எண்களோடு வந்தார். “பதினைந்து டிகிரிதான் சார் ஏறுச்சு. அடுத்த வாரம் 0.1 மோல் பண்ணிடட்டுமா?” என்றார். நாங்கள் மறுபடி கணக்கைப் பார்த்தோம். அந்த 0.6 கிலோ ஜூல் சூடு திரவத்தை மட்டும் சூடாக்கியிருந்தால் வெப்பமானி கொதிநிலைவரை போயிருக்க வேண்டும். அதில் பெரும்பங்கைச் சின்னக் குடுவையின் கண்ணாடியும் சுற்றியுள்ள காற்றும் வாங்கிக்கொண்டன. குடுவை பெரிதாகும்போது, உள்ளிருக்கும் திரவத்தோடு ஒப்பிட்டால் கண்ணாடியின் பங்கு குறையும். ஐந்து மடங்கு பெரிய சோதனையில் அதே பதினைந்து டிகிரி வராது.

20 மில்லிக்கு எழுதிய தாள் 100 மில்லிக்குச் செல்லாது. 0.1 மோலுக்குப் புதிய தாள் எழுதி வரச் சொன்னேன்.